கதைக்குள் ஒரு கடை

கொரியத் தொடர்களைத் தொடர்ந்து பார்க்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வந்துவிடும். ராணுவ அதிகாரியானாலும் பணக்கார வீட்டு வாரிசானாலும் பேய்களோடு பழகும் பள்ளி மாணவியானாலும், பசி எடுத்தால் ஏன் எல்லோரும் சப்வே சாண்ட்விச் கடைக்கே போகிறார்கள்? சியோல் நகரத்தில் தெருவுக்குத் தெரு சோறும் சூப்பும் விற்கும் கடைகள் இருக்கும்போது, அமெரிக்க நிறுவனத்தின் சாண்ட்விச்சை வாங்கி, சுற்றியிருக்கும் காகிதத்தின் எழுத்துகள் கேமராவுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, காதலையும் கொலை வழக்கையும் பேசுவானேன்? இந்த விஷயம் உலகமெங்கும் கவனிக்கப்பட்டு, 2021 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதற்கென்றே ஒரு கட்டுரை வெளியிட்டது.

காரணம் பணம் என்பது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பணம் எந்த வழியாகத் தொடருக்குள் வருகிறது, சட்டம் அதை எங்கே நிறுத்துகிறது, பார்வையாளர்கள் எதைச் சகித்துக்கொள்கிறார்கள், எதற்குக் கொதித்து எழுகிறார்கள் என்பதெல்லாம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. பிபிஎல் என்று கொரியர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தப் பொருள் விளம்பரத்தைப் புரிந்துகொள்ள அந்த நாட்டுத் தொடர்களை விட நல்ல இடம் இல்லை. இங்கே விளம்பரம் மறைந்து நிற்பதில்லை. சட்டத்தின் அனுமதியோடு, பார்வையாளர்களின் கண்ணெதிரில், பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது.

டேப் ஒட்டிய காலம்

2010-க்கு முன்னால் கொரியத் தொலைக்காட்சியில் ஒரு பொருளின் பெயரையோ லோகோவையோ காட்டுவதற்கு அனுமதி கிடையாது. நிறுவனங்கள் ஆடையும் காரும் படப்பிடிப்பு இடமும் தந்து உதவலாம். பணமும் தரலாம். பதிலுக்கு நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் எழுத்துகளில் அவற்றின் பெயர் வரும், அவ்வளவுதான். அதனால் நடிகர்களின் சட்டையில் இருந்த சின்னத்தின் மேல் டேப் ஒட்டினார்கள். மடிக்கணினியின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முடியாத இடங்களில் எடிட்டிங்கில் மங்கலாக்கினார்கள். ஸ்பான்சர்களும் சும்மா இருக்கவில்லை. பெயரில் ஓர் எழுத்தை மாற்றியும், கடையின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே காட்டியும், பார்க்கிறவர்கள் தாங்களாகவே அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்தார்கள்.

2009-ல் ஒளிபரப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2010 ஜனவரியில் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. மறைமுக விளம்பரம் முதன்முறையாக முறையான விளம்பர வகையாக ஏற்கப்பட்டது. கூடவே எல்லைக்கோடுகளும் வரையப்பட்டன. செய்தி, விவாதம், குழந்தைகள் நிகழ்ச்சி ஆகியவற்றில் இது கூடாது. பொருளின் சின்னம் திரையின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது. அது தெரியும் நேரம் நிகழ்ச்சி நேரத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொருளை வாயால் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவோ, வாங்கத் தூண்டவோ கூடாது. இந்த நிகழ்ச்சியில் மறைமுக விளம்பரம் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கட்டண அலைவரிசைகளுக்குப் பின்னாளில் இந்த நேர வரம்பு சற்றுத் தளர்த்தப்பட்டது. ஆனால் 5 சதவீதம் என்பதே சின்ன அளவு இல்லை. 60 நிமிட அத்தியாயத்தில் அது 3 நிமிடம். வழக்கமான 16 அத்தியாயத் தொடரில் மொத்தம் 48 நிமிடம். ஏறக்குறைய ஒரு முழு அத்தியாயத்துக்கான நேரத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் சின்னம் திரையில் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

இவ்வளவு தூரம் இறங்கிவரக் காரணம், அந்த நாட்டில் நெடுங்காலமாக இருந்த இன்னொரு தடை. தரைவழி அலைவரிசைகள் ஒரு நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தி விளம்பரம் போட 1970-களிலிருந்தே அனுமதி இல்லை. 2021 ஜூலையில்தான் அந்தத் தடை நீங்கியது. நம் ஊர்த் தொடர்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும் இடைவேளை அங்கே இல்லை. விளம்பரமெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும்தான். தொடரின் செலவோ ஏறிக்கொண்டே போனது. ஒளிபரப்பு நிறுவனம் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தருவது பெரும்பாலும் முழுச் செலவுக்குப் போதாது. மிச்சத்தை வெளிநாட்டு உரிமை விற்றோ, ஸ்பான்சர் பிடித்தோ ஈடுகட்ட வேண்டும். நிகழ்ச்சியை வெட்டி நடுவில் விளம்பரம் போட முடியாத இடத்தில், விளம்பரம் நிகழ்ச்சிக்குள்ளேயே புகுந்தது.

கோழிக்கடையில் வேலை பார்க்கும் நாயகி

தயாரிப்பு நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கதைச் சுருக்கம் தயாரானதும், பாத்திரங்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எங்கே சந்திப்பார்கள், என்ன ஓட்டுவார்கள் என்ற விவரங்கள் விளம்பர நிறுவனங்களுக்குப் போகும். விலை படிப்படியாக ஏறும். பின்னணியில் ஒரு பெயர்ப்பலகை தெரிவதற்கு ஒரு விலை. நடிகர் பொருளைக் கையில் எடுப்பதற்கு அதைவிட அதிகம். பொருளின் பயன்பாட்டைக் காட்டும்படி ஒரு சம்பவத்தையே எழுதிச் சேர்ப்பதற்கு இன்னும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பாத்திரத்தின் வேலையிடத்தையே நிறுவனத்துக்குக் கொடுப்பது.

'காப்ளின்' (2016) தொடரில் நாயகி பகுதி நேரமாக வேலை பார்ப்பது ஒரு வறுத்த கோழிக்கடையில். அது பிபிக்யூ என்ற உண்மையான நிறுவனத்தின் கடை. கதைப்படி அனாதைப் பெண்ணுக்கு ஒரு வேலை தேவை, கடை முதலாளியம்மாளுக்கும் எமதூதனுக்கும் ஒரு காதல் தேவை. அந்தக் கடை வாரம் தவறாமல் திரையில் வந்தது. அதை விளம்பரம் என்று பலர் உணர்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கோழிக்கடையில் வேலை கிடைப்பது இயல்பான ஒன்று என்பதால் அது உறுத்தவில்லை.

சிக்கல் வருவது பெரும்பாலும் கடைசி நேரத்தில். கொரியாவில் பல தொடர்கள் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த அத்தியாயங்கள் எழுதப்பட்டு, படமாக்கப்பட்டன. இத்தனை முறை, இத்தனை வினாடி என்று ஒப்பந்தத்தில் கணக்கு இருக்கும். முதல் பாதியில் இடம் கிடைக்காத பொருள்களெல்லாம் பின்பாதியில் வந்து குவியும். கதை உச்சத்தை நோக்கி ஓடவேண்டிய நேரத்தில் பாத்திரங்கள் திடீரென்று நின்று காபி குடிப்பதும், முகத்துக்குக் களிம்பு தடவுவதும் பல நேரங்களில் இப்படித்தான் நேர்கிறது.

ஒரே எழுத்தாளர், மூன்று வரவேற்பு

இந்த விஷயத்தில் எது எடுபடும், எது எடுபடாது என்று பார்க்க, கிம் உன்-சுக் என்ற ஒரே எழுத்தாளரின் மூன்று தொடர்களை அடுத்தடுத்து வைத்தாலே போதும். கொரியாவின் மிகப் புகழ்பெற்ற தொடர் எழுத்தாளர்களில் ஒருவர் அவர். 'காப்ளின்' தொடரை எழுதியவரும் அவர்தான்.

முதலாவது, 2016-ல் கேபிஎஸ் அலைவரிசையில் வந்த 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்'. சுமார் 1,300 கோடி வோன் செலவில், ஒளிபரப்புக்கு முன்பே முழுவதும் படமாக்கப்பட்ட 16 அத்தியாயத் தொடர் இது. போர் நடந்து ஓய்ந்த ஒரு கற்பனை நாட்டில் ராணுவ அதிகாரியும் பெண் மருத்துவரும் காதலிக்கிற கதை. ஆசியா முழுக்கப் பெரும் வெற்றி. நாயகி பூசிய உதட்டுச் சாயம், அதிகாரி பையைக் கிழித்து உறிஞ்சிய சிவப்பு ஜின்செங் சாறு, காபிக்கடை, சப்வே என்று எல்லாமே அதில் உண்டு.

பாலைவன முகாமில் கதை நடந்தவரை பெரிய முணுமுணுப்பு எழவில்லை. பாத்திரங்கள் சியோலுக்குத் திரும்பியதும் பொருள்கள் வரிசையாக வரத் தொடங்கின. 13-வது அத்தியாயத்தில் இரண்டாவது ஜோடி ஹூண்டாய் நிறுவனத்தின் காரில் போகிறது. ஓட்டிக்கொண்டிருக்கும் ராணுவ சார்ஜன்ட் ஒரு பொத்தானை அழுத்துகிறார். தடம் விலகாமல் கார் தானாகவே ஓடத் தொடங்குகிறது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, பக்கத்தில் இருக்கும் காதலியின் பக்கம் திரும்பி முத்தமிடுகிறார். பல வாரங்களாகப் பார்வையாளர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த ஜோடி அது. அவர்கள் சேரும் தருணம் காரின் தொழில்நுட்பத்துக்கான செயல்விளக்கமாக மாறியதும் கேலியும் கண்டனமும் கிளம்பின. ஓட்டுநருக்கு உதவுவதற்காக மட்டுமே உள்ள வசதியை, சாலையையே பார்க்காமல் ஓட்டலாம் என்பதுபோல் காட்டுவது ஆபத்து என்ற கண்டனமும் அதோடு சேர்ந்தது.

இரண்டாவது, 2018-ல் டிவிஎன் அலைவரிசையில் வந்த 'மிஸ்டர் சன்ஷைன்'. கதை நடப்பது பெரும்பாலும் 1900-களின் தொடக்கத்தில். ஜப்பான் கொரியாவை விழுங்கிக்கொண்டிருக்கும் காலம். சாண்ட்விச்சுக்கும் கைப்பேசிக்கும் அங்கே வேலையே இல்லை. சரித்திரக் கதைகளுக்கு ஸ்பான்சர் கிடைப்பது கடினம் என்பது கொரியத் தொலைக்காட்சித் துறையில் எல்லோரும் அறிந்தது. தயாரிப்பாளர்கள் இங்கே வேறு வழி கண்டார்கள். பாரிஸ் பகெட் என்ற பெரிய பேக்கரி நிறுவனத்தை, பிரெஞ்சு ரொட்டிக்கடை என்று பொருள்படும் அக்காலக் கொரியப் பெயரில் ஒரு கடையாக மாற்றிச் செட் போட்டார்கள். டல்கொம் என்ற காபிக்கடை நிறுவனத்துக்கு, காபிக்கு அன்று வழங்கிய 'கபே' என்ற பெயரைச் சேர்த்து 'கபேஜொங்' என்று பெயரிட்டார்கள். மேல்நாட்டுப் பண்டங்கள் கொரியத் தலைநகருக்கு வந்துசேர்ந்த காலம் என்பதால், பிரபு குடும்பத்து நாயகி அந்தக் கடைக்குப் போய் இனிப்பு தின்பது கதையின் வரலாற்றோடு பொருந்திப்போனது.

பெயர் மாறியிருந்ததால் கண்டுபிடிக்கிற வேலை பார்வையாளருக்கு வந்தது. இது எந்த நிறுவனம் என்று ஊகித்துச் சொல்வதை அவர்கள் ரசித்தார்கள். விளம்பரத்தை முழுமையாகக் கவனித்த பிறகும் பாராட்டினார்கள். கவனித்தாலே எரிச்சல் வரும் என்பது உண்மையில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது, 2020-ல் எஸ்பிஎஸ் அலைவரிசையில் வந்த 'தி கிங்: எடர்னல் மோனார்க்'. இணை உலகம் ஒன்றின் பேரரசன் வெள்ளைக் குதிரையில் ஏறி இன்றைய சியோலுக்குள் வந்து, ஒரு பெண் போலீஸ் அதிகாரியைச் சந்திக்கிற கதை. லீ மின்-ஹோவும் கிம் கோ-உன்னும் நடித்தார்கள். எதிர்பார்ப்பு வானளவு இருந்தது. ஆனால் கதை போகப்போக, வறுத்த கோழி, கிம்ச்சி, காபி, முகத்தில் உருட்டிப் பூசும் களிம்பு, ஒளிவீசும் முகமூடி என்று காட்சிக்குக் காட்சி பொருள்கள் வந்து நின்றன. அதிகம் கேலிக்குள்ளான காட்சியில் பேரரசன் ஒரு காபியைக் குடித்துப் பார்த்துவிட்டு, அரண்மனைக் காபியைவிட அது நன்றாக இருப்பதாகச் சொல்லி, அதன் சுவையை வர்ணிக்கிறான்.

இந்த வசனத்துக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. பொருளின் பெயரைப் பாத்திரம் சொல்லக் கூடாது. ஆனால் பணம் கொடுத்த நிறுவனத்துக்குப் பொருளின் அருமை சொல்லப்பட வேண்டும். அதனால் பெயரில்லாத புகழ்ச்சி பிறக்கிறது. யாரும் நிஜ வாழ்க்கையில் பேசாத வகையில் பாத்திரம் ஒரு பானத்தின் முதல் ருசியையும் கடைசி ருசியையும் விவரிக்கிறது. பெயரைச் சொல்லும் வேலையைக் கேமராவுக்குத் திருப்பிப் பிடித்த புட்டி செய்கிறது. மிதமிஞ்சிய விளம்பரத்தைத் தடுக்க வந்த விதி, நாடகத் தமிழைப் போலச் செயற்கையான ஒரு பேச்சுமொழிக்கு வழிவிட்டுவிட்டது.

மூன்று தொடர்களிலும் எழுத்தாளர் ஒருவர்தான். பாரிஸ் பகெட்டும் சப்வேயும் ஹூண்டாயும் ஒரே மாதிரியான பெரிய நிறுவனங்கள்தான். வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், விற்கப்பட்டது எது என்பதில். ரொட்டிக்கடையில் விற்கப்பட்டது ஓர் இடம். முத்தக் காட்சியில் விற்கப்பட்டது ஓர் உணர்ச்சித் தருணம். காபிக் காட்சியில் விற்கப்பட்டது ஒரு பாத்திரத்தின் வாய். பேரரசனாக இருந்தவன் ஒரு நிமிடம் விற்பனையாளனாக மாறினான். அந்த நிமிடத்தை மன்னிக்கப் பார்வையாளர்கள் தயாராக இல்லை.

கண்ணில் படாததே அதிகம் வேலை செய்கிறது

எரிச்சலூட்டும் விளம்பரம் நினைவிலாவது நிற்கிறதே, நிறுவனத்துக்கு அது லாபம்தானே என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டல் ரஸ்ஸல் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் போன்ற ஒரு நாடகத்தை இதற்காகவே எழுதவைத்து, பொருள்களை வெவ்வேறு விதமாக அதில் நுழைத்து, பார்த்தவர்களிடம் கேள்வி கேட்டார். 2002-ல் வெளியான அவருடைய முடிவு தெளிவானது. கதைக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்ற பொருள் நன்றாக நினைவில் இருந்தது. ஆனால் அந்தப் பொருளின் மேல் விருப்பம் கூடவில்லை. ஏன் இது இங்கே வந்தது என்ற கேள்வி எழுந்ததுமே மனம் எச்சரிக்கையாகிவிடுகிறது. கதையோடு இழைந்து வந்த பொருள் அவ்வளவாக நினைவில் இல்லாவிட்டாலும் அதன் மேல் விருப்பம் கூடியது.

ஷர்மிஸ்தா லா, கேத்தரின் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்கத் தொடரின் பகுதிகளைக் காட்டிவிட்டு, எந்தப் பொருள்களைப் பார்த்ததாக நினைவிருக்கிறது என்று கேட்டார்கள். தனியாக, ஒரு பட்டியலிலிருந்து பொருள்களைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னார்கள். யாரும் பெயர் சொல்லாமல் வெறுமனே திரையில் தெரிந்த பொருள்களே மிகக் குறைவாக நினைவில் இருந்தன. தேர்ந்தெடுக்கும்போதோ அவைதான் அதிகச் செல்வாக்குச் செலுத்தின.

குழந்தைகளிடம் இது இன்னும் கவலை தருவது. இங்கிலாந்தில் சூசன் ஆட்டியும் சார்லி லூயிஸும் பள்ளிக் குழந்தைகளுக்கு 'ஹோம் அலோன்' திரைப்படத்தின் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழு பார்த்த காட்சியில் சாப்பாட்டு மேசையில் பெப்சி கொட்டுகிறது. இன்னொரு குழுவுக்குப் பெப்சி இல்லாத பகுதி. பிறகு குடிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, பெப்சி காட்சியைப் பார்த்த குழந்தைகளில் பெரும்பான்மையினர் பெப்சியை எடுத்தார்கள். மற்றக் குழுவில் பெரும்பான்மையினர் கோக்கை எடுத்தார்கள். படத்தில் எந்தப் பானம் வந்தது என்று சொல்லத் தெரிந்ததற்கும், எதை எடுத்தார்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. 2004-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தால், குழந்தைகள் நிகழ்ச்சியில் மறைமுக விளம்பரம் கூடாது என்று கொரியச் சட்டம் ஏன் ஒரேயடியாகத் தடுத்தது என்பது விளங்கும்.

ஆக, கேலிக்கு ஆளாகும் காபிக் காட்சியைவிட, யாரும் குறிப்பிட்டுப் பேசாத கோழிக்கடையே நிறுவனத்துக்கு நல்ல முதலீடு. பார்வையாளருக்கு இதன் மறுபக்கம் முக்கியம். நம்மை எரிச்சலூட்டும் விளம்பரத்திடம் நாம் ஏற்கெனவே விழிப்பாக இருக்கிறோம். நம் விழிப்பைத் தாண்டி உள்ளே போவது, நன்றாகச் செய்யப்பட்ட விளம்பரம்தான்.

ஒரு கிண்ணம் பிபிம்பாப்

எரிச்சல் வேறு, கோபம் வேறு. கேலியோடு நிற்காமல் கோபமாக வெடித்த நிகழ்வு 2021-ல் நடந்தது.

டிவிஎன் அலைவரிசையின் 'வின்சென்சோ' அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. இத்தாலிய மாஃபியாவில் வக்கீலாக இருந்த ஒரு கொரியன் சியோலுக்குத் திரும்பிவருகிற கதை. மார்ச் நடுவில் ஒளிபரப்பான 8-வது அத்தியாயத்தில், பெண் வக்கீல் தானாகவே சூடேறும் டப்பா உணவு ஒன்றை நாயகனுக்குக் கொடுக்கிறாள். இருவரும் சாப்பிடுகிறார்கள். உணவு பிபிம்பாப். சோற்றில் காய்கறிகளையும் மிளகாய் விழுதையும் போட்டுக் கலக்கும் கொரிய உணவு. ஆனால் டப்பாவில் இருந்த பெயர் ஸிஹைகுவோ என்ற சீன நிறுவனத்துடையது.

சில வினாடிக் காட்சிதான் அது. ஆனால் அந்த மாதங்களில் கொரியர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கிம்ச்சி யாருடையது, ஹன்போக் உடை யாருடையது என்று இணையத்தில் கடுமையான சண்டை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் 'ட்ரூ பியூட்டி' தொடரில் கொரியப் பள்ளி மாணவிகள் சிறு கடையில் உட்கார்ந்து அதே நிறுவனத்தின் சீன ஹாட்பாட் சாப்பிடுவதையும், பேருந்து நிறுத்தத்தில் சீன எழுத்துகளோடு ஒரு விளம்பரப் பலகை நிற்பதையும் பார்த்துப் பலர் முகம் சுளித்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கடையில் யார் இதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். இப்போது கொரிய உணவே சீனப் பெயரோடு, உலகம் பார்க்கும் தொடரில் வந்ததும் பொறுமை உடைந்தது. வெளிநாட்டவர்கள் பிபிம்பாப்பைச் சீன உணவு என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பயமே கோபத்தின் மையம். ஒளிபரப்பாளர் பின்வாங்க வேண்டியதாயிற்று. மறுபடி பார்க்கக் கிடைக்கும் பதிப்புகளிலிருந்து, நெட்ஃபிளிக்ஸ் உட்பட, அந்தக் காட்சி நீக்கப்பட்டது.

சீன நிறுவனம் ஏன் கொரியத் தொடருக்குப் பணம் தருகிறது என்ற கேள்விக்கு விடை எளிது. அது குறிவைத்தது கொரியர்களை அல்ல. கொரியத் தொடர்களை விரும்பிப் பார்க்கும் சீனர்களையும் மற்ற நாட்டினரையும்தான். கொரோனாவால் உள்நாட்டு விளம்பர வருமானம் சுருங்கியிருந்த நேரத்தில் அந்தப் பணத்தைத் தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பணம் ஒரு நாட்டுப் பார்வையாளருக்காக வந்தது. காட்சியைத் தன் வீட்டு வரவேற்பறையில் பார்த்தவர் இன்னொரு நாட்டுக்காரர்.

அதே 'வின்சென்சோ'வில் இன்னொரு வெளிநாட்டுப் பொருளும் இருந்தது. கோப்பிக்கோ என்ற இந்தோனேசியக் காபி மிட்டாய். அதன் நோக்கமும் வெளிநாட்டுப் பார்வையாளர்தான். பாத்திரங்கள் வேலைக்கு நடுவே ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவே. தென்கிழக்கு ஆசிய ரசிகர்கள் தங்கள் ஊர்ப் பெட்டிக்கடை மிட்டாயைக் கொரிய நட்சத்திரங்களின் கையில் பார்த்து மகிழ்ந்தார்கள். அதே ஆண்டில் 'மைன்', 'ஹோம்டவுன் சா-சா-சா' ஆகிய தொடர்களிலும் மிட்டாய் தலைகாட்டியபோது, இந்த வாரம் எங்கே வந்தது என்று தேடுவதே ரசிகர்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஒரே தொடரில் வந்த இரண்டு வெளிநாட்டுப் பொருள்களில் ஒன்று வெட்டி எறியப்பட்டது, மற்றது கொண்டாடப்பட்டது. மிட்டாய் யாருடைய அடையாளத்தையும் தொடவில்லை.

அந்த மார்ச் மாதக் கடைசியில் பார்வையாளர்களின் பலம் இன்னொரு வகையிலும் வெளிப்பட்டது. 'ஜொசன் எக்ஸார்சிஸ்ட்' என்ற சரித்திரக் கற்பனைத் தொடரில், கொரிய இளவரசன் வரும் காட்சியில் சீனப் பாணி உணவும் அலங்காரமும் இருந்தன. வரலாறு திரிக்கப்படுவதாகக் கொதித்த மக்கள், தொலைக்காட்சிக்கு மட்டும் புகார் அனுப்பி நிற்கவில்லை. அந்தத் தொடருக்கு விளம்பரம் கொடுத்த நிறுவனங்களைப் பட்டியலிட்டு, அவற்றிடம் நேரடியாகக் கேட்டார்கள். நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. இரண்டே அத்தியாயங்களோடு தொடர் நிறுத்தப்பட்டது.

எப்படிக் கண்டுகொள்வது

கொரியத் தொலைக்காட்சியில் தொடக்கத்தில் வரும் அறிவிப்பும், முடிவில் ஓடும் நிறுவனப் பெயர்களும் பார்வையாளருக்குச் சட்டம் தந்திருக்கும் உதவிகள். தமிழ்நாட்டில் உட்கார்ந்து ஓடிடி தளத்தில் பார்ப்பவருக்கு இந்த உதவி முழுமையாகக் கிடைப்பதில்லை. அறிவிப்பு கொரிய மொழியில் இருக்கும். முடிவு எழுத்துகள் ஓடத் தொடங்குவதற்குள் அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும். அந்த நாட்டின் ஒளிபரப்புச் சட்டம் ஓடிடி தளங்களுக்கெனத் தயாராகும் தொடர்களைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

எனினும் காட்சியைப் பார்த்தே பலவற்றைச் சொல்லிவிடலாம். புட்டியையோ பையையோ பிடித்திருக்கும் விரல்கள் பெயரை மறைக்காமல் ஒதுங்கியிருக்கும். நடிகரின் முகத்திலிருந்து பொருளுக்கு ஒரு வெட்டு, மறுபடி முகத்துக்கு ஒரு வெட்டு வரும். உணவைப் பற்றியோ களிம்பைப் பற்றியோ கதைக்குத் தேவையில்லாத ஒரு பண்பு சொல்லப்படும், ஆனால் பெயர் வராது. காரின் கதவு தானாகத் திறக்கும், கைப்பேசியின் ஒரு வசதி ஒவ்வொரு படியாகக் காட்டப்படும். குடும்பக் காட்சியில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் பொருளை உண்பார்கள். ஒரு காட்சியை எடுத்துவிட்டாலும் கதை துளிகூட மாறாது என்றால், அந்தக் காட்சிக்கு வேறு யாரோ பணம் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கொரியப் படைப்பாளிகளில் சிலர் இதை மறைக்காமல் கதைப்பொருளாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2019-ல் ஜேடிபிசி அலைவரிசையில் வந்த 'பி மெலோட்ராமாட்டிக்' தொடரில் மூன்று தோழிகளில் ஒருத்தி தயாரிப்பு நிறுவனத்தில் ஸ்பான்சர் பொருள்களைக் கவனிக்கும் வேலை பார்க்கிறாள். முகம் கொடுக்காத நடிகர்களிடமும் இயக்குநர்களிடமும் கெஞ்சி, பொருளைக் கையில் பிடிக்கவைப்பது அவள் அன்றாடப் பாடு. குழந்தையைத் தனியாக வளர்க்கும் தாய் அவள். அவள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, நாம் திரையில் எரிச்சலோடு கடந்துபோகும் மூன்று வினாடிகளுக்குப் பின்னால் எத்தனை பேரின் சம்பளம் இருக்கிறது என்பது தெரிகிறது. அந்தத் தொடரிலும் உண்மையான விளம்பரப் பொருள்கள் உண்டு. பார்வையாளர்களிடம் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அதை வைத்தே சிரிக்கவும் வைத்தார்கள்.

2021 ஜூலையில் இடைவேளை விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்த பிறகும் கதைக்குள் வரும் பொருள்கள் மறையவில்லை. அதே ஆண்டு இறுதியில் டிவிஎன் அலைவரிசையில் வந்த 'ஜிரிசன்' தொடரில், மலைக்காவலர்கள் அணிந்த நேபா நிறுவனத்தின் மலையேற்ற உடைகளைப் பற்றிப் பெரிதாக யாரும் குறை சொல்லவில்லை. மலைக்காவலர்களுக்கு அந்த உடை தேவை. அதே காவலர்கள் மலை அலுவலகத்தில் நகரத்துக் கடையின் சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டபோதோ புகார்கள் குவிந்தன.